ரிட்டர்னுக்கு இவ்வளவா, மாதத்துக்கு இவ்வளவா?

சிறு கடைகளின் ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்த்துத்தரும் பகுதிநேரக் கணக்கருக்குத் தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் இரண்டு விதமாகக் கட்டணம் பேசப்படுகிறது. ஒன்று, ரிட்டர்ன் ஒன்று போட்டால் இவ்வளவு. மற்றொன்று, எத்தனை ரிட்டர்ன் போட்டாலும் மாதத்துக்கு இவ்வளவு. பகலில் ஒரு மில்லிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஐந்தாறு கடைகளைக் கவனிப்பவர்கள் பெரும்பாலும் முதல் முறையில்தான் தொடங்குகிறார்கள். பேசுவதற்கு அது எளிது. வேலை முடிந்ததா இல்லையா என்பதற்கும் ரிட்டர்ன் ஏற்கப்பட்ட ரசீது எண்ணே அத்தாட்சி. கடைக்காரருக்கும், தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

சிக்கல் என்னவென்றால், ரிட்டர்ன் போடுவது இந்த வேலையின் கடைசி அரைமணி நேரம் மட்டுமே. மாதந்தோறும் கணக்குக் காட்டும் கடை, விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். வரியைக் கட்டி, ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் இந்த இரண்டையும் இணையதளத்தில் ஏற்ற அதிக நேரம் ஆகாது. அந்தக் கணக்கைச் சரியாக்குவதற்குத்தான் நேரம் போகிறது. கொள்முதல் பில்களைச் சேகரிப்பது, ஒவ்வொன்றையும் டேலியில் பதிவது, கடையின் பில்லிங் மென்பொருள் காட்டும் விற்பனையோடு வங்கிக் கணக்கும் யுபிஐ வரவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, சரக்கு அனுப்பியவர் தன் ரிட்டர்னில் நம் பில்லைக் காட்டியிருக்கிறாரா என்று சரிபார்ப்பது என வேலை நீளும். ரிட்டர்னுக்கு விலை பேசும்போது இவை எதற்கும் விலை இல்லை.

ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். ஆண்டு விற்பனை 90 லட்சம் ரூபாய். மாதம் சுமார் 120 கொள்முதல் பில்கள். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் வீடு கட்டுவோர், மீதிப்பேர் ஜி.எஸ்.டி. எண் வைத்திருக்கும் கான்ட்ராக்டர்கள். பில் கட்டை வாங்கி அடுக்கி, எழுத்து மங்கியதற்கும் பக்கம் விடுபட்டதற்கும் விளக்கம் கேட்க ஒரு மணி நேரம். பில்லுக்கு இரண்டு நிமிடம் என்றால் பதிவு செய்ய நான்கு மணி நேரம். விற்பனையைச் சரிபார்க்க ஒரு மணி நேரம். கொள்முதலை 2பி அறிக்கையோடு ஒப்பிட ஒன்றரை மணி நேரம். பில்லை ஏற்றாத மொத்த வியாபாரிகளுக்குப் போன் போட அரைமணி நேரம். கடைசியில் இரண்டு ரிட்டர்ன்களையும் போட அரைமணி நேரம். மொத்தம் எட்டரை மணி நேரம். ஆண்டுக்கு 102 மணி நேரம்.

ரிட்டர்னுக்கு 400 ரூபாய் என்று பேசியிருந்தால் ஆண்டுக்கு 24 ரிட்டர்ன்களுக்கு 9,600 ரூபாய் வரும். மணிக்கு 94 ரூபாய் விழுகிறது. குறைவுதான், ஆனாலும் பலர் இதை ஏற்றுக்கொண்டு ஓட்டுகிறார்கள். கணக்கு உடைவது அடுத்த கட்டத்தில்.

ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய் வரை உள்ள கடைகள், ரிட்டர்னை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டு வரியை மட்டும் மாதந்தோறும் கட்டும் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். க்யூஆர்எம்பி என்று அழைக்கப்படும் இந்தத் திட்டம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் செலான் போட்டு வரி கட்டினால் போதும். ஏற்கெனவே இந்தத் திட்டத்தில் இருக்கும் கடைக்கு, முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டிய வரியில் 35 சதவீதம் என்று இணையதளமே செலானைத் தயாரித்துத் தந்துவிடும். ஜிஎஸ்டிஆர்-1க்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதத்தின் 13ஆம் தேதியும், தமிழ்நாட்டுக் கடைகளுக்கு 3பி-க்கு 22ஆம் தேதியும் கெடு. சிறு கடைக்காரருக்கு இது வசதியான ஏற்பாடு.

ரிட்டர்னுக்குக் காசு வாங்கும் கணக்கருக்கோ இது பேரிடி. 24 ரிட்டர்ன்கள் எட்டாகக் குறைகின்றன. 9,600 ரூபாய் 3,200 ஆகிறது. வேலை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறதா என்றால் இல்லை. அதே 120 பில்கள் மாதந்தோறும் வருகின்றன. அதே பதிவு, அதே ஒப்பீடு. மிச்சமாவது ஆண்டுக்கு ஐந்தாறு மணி நேரம். மணிக்கு 33 ரூபாய்க்கு யாரும் இரவில் உட்கார்ந்து பில் அடிக்க மாட்டார்கள். கான்ட்ராக்டர்களுக்குப் போட்ட பில்களை முதல் இரண்டு மாதங்களிலும் ஏற்றிக் காட்டுவதற்கு ஐஎஃப்எஃப் என்ற வசதி உண்டு. கட்டாயமில்லை, ஆனால் ஏற்றாவிட்டால் கான்ட்ராக்டருக்கு உள்ளீட்டு வரிச் சலுகை காலாண்டு முடியும்வரை கிடைக்காது. அவர் அடுத்த முறை வேறு கடையில் வாங்குவார். இதையும் ஒரு ரிட்டர்னாக எண்ணி ஆண்டுக்கு எட்டு முறை 400 ரூபாய் வாங்கினாலும் 6,400 ரூபாய்தான் தேறும்.

ஆகவே ரிட்டர்ன் கணக்கில் கூலி வாங்குபவர், காலாண்டுத் திட்டத்தைப் பற்றிக் கடைக்காரரிடம் வாய் திறக்காமல் இருக்கவே அவருடைய வருமானம் தூண்டுகிறது. எல்லாரும் அப்படி மறைப்பதில்லை. ஆனால் யோசனை சொல்ல வேண்டியவரின் லாபமும் யோசனை கேட்பவரின் லாபமும் எதிரெதிர்த் திசையில் நிற்பது நல்ல ஏற்பாடு அல்ல. மாதக் கட்டணத்தில் இந்த முரண்பாடு இல்லை: ரிட்டர்ன் குறைந்தாலும் வருமானம் குறையாது என்பதால் கடைக்கு எது நல்லதோ அதைச் சொல்ல முடிகிறது.

கடைக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வி வேறு. மாதக் கட்டணம் எப்படிப் போடப்படுகிறது, அதில் தனக்கு என்ன கிடைக்கிறது? மேலே சொன்ன கடைக்கு எட்டரை மணி நேரத்தோடு, ஆண்டு இறுதியில் இருப்புச் சரக்கைச் சேர்ப்பது, கடன் நிலுவைகளைச் சரிபார்ப்பது, வருமான வரிக்குக் கணக்கை முடித்துக்கொடுப்பது ஆகியவற்றுக்கு மாதம் ஒரு மணி நேரம் என்று சேர்த்தால் ஒன்பதரை மணி நேரம். மணிக்கு 150 ரூபாய் என்று வைத்தால் 1,425. முழுத் தொகையாக 1,400 ரூபாய் என்று பேசலாம். ஆண்டுக்கு 16,800 ரூபாய். பழைய 9,600 ரூபாயைவிட 7,200 அதிகம்.

அந்த 7,200 ரூபாய்க்கு ஈடு எங்கே என்று தேடினால், பெரும்பாலும் 2பி ஒப்பீட்டில் இருக்கும். கடை வாங்கிய சரக்குக்கு மொத்த வியாபாரியிடம் கட்டிய வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 2022 ஜனவரி முதல், அந்த வியாபாரி தன் ரிட்டர்னில் காட்டி, அது கடையின் 2பி அறிக்கையில் வந்திருந்தால்தான் கழிக்க முடியும். மாதக் கணக்குக் கடைகளுக்கு இந்த அறிக்கை 14ஆம் தேதி உருவாகிறது. 50,000 ரூபாய்க்குப் பெயின்ட் வாங்கியிருந்தால் 18 சதவீத வரி 9,000 ரூபாய். வியாபாரி அந்த ஒரு பில்லை ஏற்ற மறந்துவிட்டாலோ, கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டாலோ அந்த 9,000 ரூபாய் 2பி-யில் இருக்காது.

ரிட்டர்னை மட்டும் போடுபவர் 2பி காட்டும் மொத்தத்தை அப்படியே எடுத்து 3பி-யில் வைத்துவிட்டுப் போகலாம். ரிட்டர்ன் தவறில்லாமல் ஏற்கப்படும். நோட்டீஸ் எதுவும் வராது. கடைக்காரர் கையிலிருந்து 9,000 ரூபாய் கூடுதலாகப் போனது யாருக்கும் தெரியாது. கொள்முதல் பதிவேட்டோடு பில்லுக்குப் பில் ஒப்பிட்டால்தான் விடுபட்டது தெரியும். தெரிந்தபின் வியாபாரிக்குப் போன் செய்து ஏற்றச் சொல்ல வேண்டும். விடுபட்ட சலுகையை அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30ஆம் தேதிவரை எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு; அதன்பின் போனது போனதுதான். எல்லா விடுபாடும் தவறு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வியாபாரி காலாண்டுத் திட்டத்தில் இருந்து ஐஎஃப்எஃப் ஏற்றாதவர் என்றால், அவருடைய பில் காலாண்டு முடிந்தபின் தானாக வந்துசேரும். எது தாமதம், எது மறதி என்று பிரித்தறிய, மாதாமாதம் அதே கடையின் கணக்கைப் பார்த்துவரும் ஒருவர் வேண்டும்.

தன் கணக்கர் இந்த ஒப்பீட்டைச் செய்கிறாரா என்று கடைக்காரர் கண்டுபிடிப்பது கடினமில்லை. ‘போன மாதம் எந்தெந்த பில் 2பி-யில் வரவில்லை?’ என்று கேட்டால் போதும். செய்கிறவர் ஒரு பட்டியலைக் காட்டுவார். செய்யாதவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். 120 பில்கள் உள்ள கடையில் மாதாமாதம் எல்லாமே சரியாக இருப்பது அபூர்வம்.

இதற்கு மாறாக, ரிட்டர்னுக்கு இவ்வளவு என்பதே நியாயமாக அமையும் கடைகளும் உண்டு. தொகுப்பு வரித் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில், இருக்கும் ஒரு சிறு மெஸ் 5 சதவீத வரியைத் தன் விற்பனையிலிருந்து கட்டிவிடுகிறது. கொள்முதல் வரியைக் கழிக்க அதற்கு உரிமையே இல்லை. எனவே 2பி ஒப்பீடு என்ற பெரிய வேலை அங்கே கிடையாது. காலாண்டுக்கு ஒரு சிஎம்பி-08, காலாண்டு முடிந்த அடுத்த மாதத்தின் 18ஆம் தேதிக்குள். ஆண்டுக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4. ஐந்தே படிவங்கள். ஒவ்வொரு காலாண்டு வேலையும் விற்பனைத் தொகையைக் கூட்டிப் பார்ப்பதுதான். இந்தக் கடைக்கு மாதக் கட்டணம் பேசினால், இரண்டு மாதம் கணக்கர் கடைப்பக்கமே வராதபோது ‘எதற்குப் பணம்?’ என்ற கேள்வி எழும், எழுவதும் நியாயம். சிஎம்பி-08க்கு 500, ஆண்டுப் படிவத்துக்கு 1,500 என்று பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் பொருந்தும்.

பெயருக்குப் பதிவு வைத்துக்கொண்டு வியாபாரம் நடக்காத கடைக்கும் இதே கதை. விற்பனை இல்லாவிட்டாலும் வெற்று ரிட்டர்ன் போட்டாக வேண்டும். போடாவிட்டால் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 500 ரூபாய் தாமதக் கட்டணம். வெற்று 3பி-யைக் கடைக்காரரே பதிவு செய்த செல்பேசியிலிருந்து 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி முடித்துவிடலாம்:

```
NIL 3B GSTIN MMYYYY
```

`GSTIN` என்ற இடத்தில் கடையின் எண்ணையும், `MMYYYY` என்ற இடத்தில் மாதத்தையும் ஆண்டையும் இட வேண்டும். பதிலாக வரும் குறியீட்டை உறுதிசெய்து அனுப்பினால் முடிந்தது. இதற்கு முழு ரிட்டர்ன் கட்டணம் கேட்பவரிடம் கடைக்காரர் முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை.

மாதக் கட்டணத்துக்கும் அதற்கே உரிய நோய் ஒன்று உண்டு: வேலைக்கு வேலி இல்லாமல் போவது. மாதம் 1,400 ரூபாய் கொடுப்பவர், தனக்கு ஒரு கணக்குப்பிள்ளை கிடைத்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார். வங்கிக் கடனுக்கு அடுத்த மூன்றாண்டு உத்தேசக் கணக்கு வேண்டும், உணவு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், மச்சானுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட வேண்டும், பழைய ஆண்டுக்கு வந்த நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் ‘அப்படியே இதையும் பாத்துக் குடுத்துருங்க சார்’ என்றுதான் வரும். உத்தேசக் கணக்கு ஒன்றே ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிடும். இப்படி மாதம் நான்கு மணி நேரம் கூடினால் 150 ரூபாய் 104 ஆகிறது. ரிட்டர்ன் கணக்கில் கிடைத்ததற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இதற்கு மருந்து ஒரு பக்க அளவில் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்புதல்தான். எது மாதக் கட்டணத்தில் அடங்கும் என்பதைவிட எது அடங்காது என்பதை எழுதுவது முக்கியம். நோட்டீஸுக்குப் பதில், வங்கிக் கடன் ஆவணங்கள், பதிவில் முகவரி மாற்றம், குடும்பத்தினரின் வருமான வரி ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொகை. ஆண்டு விற்பனை 2 கோடியைத் தாண்டினால் டிசம்பர் 31க்குள் போட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-9 ஆண்டு ரிட்டர்னுக்கும் தனித்தொகை வைப்பதே சரி. வருமான வரித் தணிக்கை தேவைப்படும் கடையென்றால் அந்த அறிக்கையில் பட்டயக் கணக்காளர்தான் கையெழுத்திட முடியும்; பகுதிநேரக் கணக்கரின் கட்டணத்துக்குள் அது வராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பில் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வேண்டும். 120 பில்களுக்கென்று பேசிய தொகை, கடை பக்கத்துக் கட்டடத்தையும் எடுத்து 200 பில்களாக வளர்ந்தபின்னும் அப்படியே இருப்பதுதான் வழக்கம். மாதம் 150 பில்கள் வரை இத்தனை, அதற்கு மேல் ஐம்பதுக்கு இத்தனை என்று வைத்துக்கொள்ளலாம். தீபாவளி மாதத்தில் ஜவுளிக்கடைக்குப் பில் குவிவது இயல்பு. ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடாமல், மூன்று மாதச் சராசரியைப் பார்ப்பது நல்லது.

தேதி பற்றிய நிபந்தனைதான் நடைமுறையில் அதிகம் மீறப்படுவது. ஆறு கடைக்கும் கெடு ஒன்றே என்பதால் ரிட்டர்ன் முறையில் எல்லாப் பில் கட்டுகளும் 9ஆம் தேதிக்கும் 18ஆம் தேதிக்கும்தான் வந்து விழும். பகலில் வேறு வேலை பார்ப்பவருக்கு அந்த நாட்களில் மாலைக்கு மூன்று மணி நேரம் கிடைத்தாலே அதிகம். ஆறு கடைகளின் பதிவு வேலை முப்பது மணி நேரத்தைத் தொடும்போது அது நடக்காத காரியம். மாதக் கட்டணத்தின் பெரிய ஆதாயம் இங்கே இருக்கிறது: பணம் மாதம் முழுவதற்கும் என்பதால் வேலையையும் மாதம் முழுவதும் பரப்பலாம். செவ்வாய் ஹார்டுவேர் கடை, புதன் மருந்துக்கடை என்று கிழமை வைத்து, அந்த வாரத்துப் பில்களை அந்த வாரமே பதிந்துவிட்டால், கெடு நாட்களுக்கு ஒப்பீடும் தாக்கலும் மட்டுமே மிஞ்சும். கடைசிக் கட்டு 5ஆம் தேதிக்குள் வர வேண்டும், பிந்தினால் வரும் தாமதக் கட்டணம் கடையைச் சேரும் என்று எழுதிக்கொள்ள வேண்டும். வெற்று அல்லாத ரிட்டர்னுக்கு அது நாளுக்கு 50 ரூபாய். விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் உள்ள கடைக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாய் வரை போகும். தாமதமாக ரொக்கத்தில் கட்டும் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. பில் வந்தும் கணக்கர் தாமதித்தால் அது அவர் பொறுப்பு. அதையும் எழுதினால்தான் ஒப்புதல் நேர்மையானது.

கட்டண வசூலிலும் இரண்டு முறைக்கும் வேறுபாடு உண்டு. ரிட்டர்ன் முறையில் ‘பணம் வந்தால்தான் தாக்கல்’ என்று கணக்கரால் நிற்க முடியும். ஆனால் 20ஆம் தேதி மாலையில் அப்படி நின்றால் சேதம் கடைக்கு. உறவும் அன்றோடு முறியும். மாதக் கட்டணமோ ‘அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்’ என்று தள்ளித் தள்ளி நான்கு மாத பாக்கியாக நிற்கும். மாதத் தொடக்கத்திலேயே யுபிஐ வழியாக வாங்கிவிடுவதும், இரண்டு மாத பாக்கி சேர்ந்தால் பதிவு வேலை நிறுத்தப்படும் என்று முன்கூட்டிச் சொல்லிவைப்பதும் பலன் தருகின்றன. வேலையை நிறுத்துவது தாக்கல் நாளில் இல்லாமல் மாதத்தின் முதல் வாரத்தில் இருந்தால், கடைக்காரருக்கு வேறு ஆள் தேட அவகாசம் கிடைக்கும்.

எந்த முறையானாலும் ஒரு விஷயத்தில் கடைக்காரர் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஜி.எஸ்.டி. பதிவில் இருக்க வேண்டியது அவருடைய செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும். ஓடிபி கேட்டுத் தொந்தரவு வேண்டாமென்று கணக்கரின் எண்ணையே கொடுத்துவிடுவது பரவலாக இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் செய்தி கணக்கருக்குத்தான் போகும்; அவர் விலகிவிட்டால் கடைக்காரருக்கு எதுவுமே தெரியாது. டேலித் தரவின் நகலும் மாதாமாதம் கடைக்கு வந்துவிட வேண்டும். மாதக் கட்டணம் வாங்கிப் பதிவேட்டையே பராமரிப்பவரிடம் இது இன்னும் அவசியம், ஏனென்றால் கடையின் கணக்கு முழுவதும் அவருடைய கணினியில்தான் இருக்கும்.

ஒரே கணக்கர் இரண்டு முறையையும் கலந்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. கொள்முதல் வரியைக் கழிக்கும் ஹார்டுவேர், மருந்து, ஜவுளி, ஸ்டேஷனரிக் கடைகளுக்கு மாதக் கட்டணமும், தொகுப்பு வரி கட்டும் மெஸ்ஸுக்கும் வெற்று ரிட்டர்ன் கடைக்கும் படிவக் கட்டணமும் வைப்பது இயல்பான பிரிவு. பழைய கடையை ரிட்டர்ன் முறையிலிருந்து மாதக் கட்டணத்துக்கு மாற்ற நினைப்பவர் மூன்று மாதம் நேரத்தைக் குறித்துவைத்து, எத்தனை பில், எத்தனை மணி நேரம், 2பி-யில் விடுபட்டு மீட்ட வரி எவ்வளவு என்ற கணக்கோடு பேச்சை எடுப்பது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை குறித்தால், புது நிதியாண்டுக்குப் புதுத் தொகை பேசும் நேரமும் சரியாக அமையும். ஏப்ரல் முதலான காலாண்டுக்கு க்யூஆர்எம்பி திட்டத்தில் சேர்வதா, விலகுவதா என்று தெரிவிக்கும் வாய்ப்பு பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை இணையதளத்தில் திறந்திருக்கும் என்பதால், கட்டணத்தையும் திட்டத்தையும் ஒரே உட்காரலில் முடிவு செய்துவிடலாம்.